மெனு கார்டுக்கு ஒரு தட்டு பிரியாணி: ஏஐ செயலியிடம் எப்படிக் கேட்பது?

படம் உருவாக்கும் ஏஐ செயலி ஒன்றில் "சுவையான, ஆவி பறக்கும் பிரியாணி, ஓட்டல் மெனுவுக்கு" என்று தட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் ஒரு படம் வந்து நிற்கும். நீள நீளமான பாஸ்மதி அரிசி, பாதி வெள்ளை, பாதி குங்குமப்பூ மஞ்சள். நடுவில் பெரிய இறைச்சித் துண்டு. மேலே புதினா, எலுமிச்சைத் துண்டு, வறுத்த வெங்காயம். பெரும்பாலும் செம்புப் பாத்திரம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுடையது திண்டுக்கல் பாணியில் சீரகச் சம்பா அரிசியில் மட்டன் பிரியாணி போடும் கடை என்றால், அந்தப் படத்தில் உங்கள் பிரியாணியின் ஒரு பருக்கைகூட இருக்காது.

இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு வந்த சிறு குறிப்புகளையும் கொண்டு பழக்கப்பட்டவை. 'பிரியாணி' என்ற குறிப்போடு அதிகம் வந்த படங்கள் எப்படி இருந்தனவோ, அப்படித்தான் அவை வரையும். ஹைதராபாத் பாணி பிரியாணிதான் அங்கே அதிகம். அதனால் நாம் வேறொன்றைச் சொல்லாதவரை அதுதான் வரும். அந்த வேறொன்றைச் சொல்லும் எழுத்துக்குத்தான் பிராம்ப்ட் என்று பெயர்.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். சுவையான, நாவில் நீர் ஊறவைக்கும், உலகத்தரம் என்று புகழ்ச்சியை அடுக்குகிறார்கள். சுவைக்கு உருவம் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதை எழுதினால்தான் செயலியால் வரைய முடியும். ஆகவே முதல் வேலை கணினி முன் உட்காருவதல்ல. கடையில் ஒரு தட்டு பிரியாணியை வழக்கம்போலப் பரிமாறச் சொல்லி, முன்னால் வைத்துக்கொண்டு பார்ப்பது.

அரிசியில் தொடங்குங்கள். சீரகச் சம்பா சின்னஞ்சிறு மணி. மசாலாவோடு சேர்ந்தே வேகும் பிரியாணியில் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருக்காது. முழுவதும் ஒரே மாதிரியான இளம்பழுப்பு. மட்டன் துண்டுகள் சிறியவை, எலும்போடு, பாதி சோற்றுக்குள் புதைந்திருக்கும். தட்டின் மேல் வாழையிலை, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் தயிர் வெங்காயம். இந்த நாலைந்து வரிகள்தான் பிராம்ப்டின் உயிர்நாடி. சீரகச் சம்பா என்று பெயரை மட்டும் எழுதினால் பல செயலிகளுக்குப் புரியாது. ஆகவே பெயருக்குப் பதில் உருவத்தை எழுத வேண்டும். சீரகம் போன்ற அரிசி என்றும் எழுத வேண்டாம். சொன்ன பொருளையெல்லாம் படத்தில் கொண்டுவந்து வைப்பது இவற்றின் இயல்பு என்பதால், சோற்றின் மேல் சீரகத்தையே தூவிவிடக்கூடும்.

அடுத்தது ஆவி. படங்கள் அதிகம் கெடுவது இங்கேதான். ஆவி என்று நம் கண்ணுக்குத் தெரிவது மிக நுண்ணிய நீர்த்துளிகள். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்து, அதற்கும் பின்னால் இருட்டாக ஒரு சுவர் இருந்தால் அந்தத் துளிகள் பளிச்சென்று தெரியும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தாலோ, பின்னணி வெள்ளையாக இருந்தாலோ ஆவி காணாமல் போகும். உணவைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் பின்னால் அல்லது பின்-பக்கவாட்டில் விளக்கை வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செயலிகளும் அத்தகைய படங்களைப் பார்த்தே பழகியவை. வெள்ளைப் பின்னணியும் வேண்டும், ஆவியும் வேண்டும் என்று கேட்டால் பிரியாணி தீப்பிடித்ததுபோல அடர்ந்த சாம்பல் புகையை வரைந்து தரும். மெனு கார்டு வெள்ளை என்றால் ஆவியை விட்டுவிடுங்கள். ஆவிதான் வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தையே அடர்நிறமாக வடிவமைக்கச் சொல்லுங்கள்.

பளபளப்புக்கும் இதே வெளிச்சம்தான் காரணம். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் இறைச்சியின் மேல் படிந்த நெய்யில் பட்டுத் தெறிக்கும்போது அது பளபளக்கிறது. பொத்தாம்பொதுவாக 'கிளாஸி' என்று எழுதினால் செயலி எல்லாவற்றுக்கும் பூச்சு அடித்துவிடும். அரிசி மணிகள் பிளாஸ்டிக் முத்துகளாகிவிடும். எது மினுங்க வேண்டும் என்று பொருளைச் சுட்டி எழுத வேண்டும். இறைச்சியின் மேல் மட்டும் மெல்லிய நெய் மினுமினுப்பு, அரிசி உதிரியாக, லேசான ஈரத்தோடு என்று கேட்டால் தட்டு நிஜமாகும்.

கடைசியாகக் கோணம். நேர் மேலிருந்து பார்த்தால் குவியலின் உயரம் தெரியாது, எழும் ஆவியும் தெரியாது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் தன் தட்டைப் பார்ப்பது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில். மெனுவுக்கு அதுவே பொருத்தம். இவை எல்லாவற்றையும் சேர்த்தால் பிராம்ப்ட் இப்படி இருக்கும். குறிப்புகளில் பெரும்பங்கு ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

```
Mound of Dindigul-style mutton biryani on a fresh banana leaf
over a round steel plate. Tiny short-grain rice, evenly light
brown, grains separate and slightly moist. A few small bone-in
mutton pieces, half buried in the rice. Small steel cup of
onion raita beside it.

Soft window light from behind left, dark brown background.
Thin wisps of steam rising from the top of the rice. Light
sheen of ghee on the meat only. 45-degree angle, 85mm lens,
f/5.6, food photography.
```

முதல் பத்தி முழுக்க உணவு, இரண்டாவது முழுக்க வெளிச்சமும் கேமராவும். இப்படிப் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெனுவில் பிரியாணி மட்டும் இருக்கப்போவதில்லை. சுக்கா, கோலா உருண்டை, பரோட்டா எல்லாம் வரும். முதல் பத்தியை மட்டும் மாற்றி, ஆவி, நெய் பற்றிய வரிகளை அந்தந்த உணவுக்கேற்பத் திருத்தி, மற்றதை அப்படியே வைத்தால் எல்லாப் படங்களும் ஒரே கடையில், ஒரே மேசையில் எடுத்ததுபோல இருக்கும். அரிசியையும் இறைச்சியையும் முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் ஆரம்பகாலப் பதிப்புகள் 77 டோக்கன்களுக்கு, அதாவது ஏறக்குறைய ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் படிப்பதில்லை. மிச்சத்தை விட்டுவிடும். புதியவை நீளமாகப் படிக்கின்றன. ஆனாலும் முக்கியமானதை முதலில் சொல்வது நல்லது.

படத்தில் புதினா வந்துவிட்டது, அது வேண்டாம் என்றால் என்ன செய்வது? 'no mint leaves' என்று வாக்கியத்துக்குள் எழுதினால் பல நேரம் புதினா இன்னும் அதிகமாக வரும். பல செயலிகள் 'வேண்டாம்' என்பதைவிடப் 'புதினா' என்பதையே பிடித்துக்கொள்கின்றன. மிட்ஜர்னியில் இதற்கென்றே `--no mint` என்று கடைசியில் எழுதும் வசதி இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் `negative prompt` என்று தனிக் கட்டம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத செயலியில், மேலே என்ன இருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். சோற்றின் மேல் வறுத்த முந்திரி இரண்டு என்று சொன்னால் புதினாவுக்கு இடமிருக்காது. உங்கள் கடையில் முந்திரி போடுவீர்கள் என்றால் மட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அரிசி நீளமாக வந்தது, ஆவி புகையாக வந்தது என்று இரண்டையும் சேர்த்துத் திருத்தினால் எந்தச் சொல் எதைச் செய்தது என்று தெரியாது. சில செயலிகளில் `seed` என்ற எண்ணை நிலையாக வைக்கலாம். அப்போது அடிப்படை அமைப்பு பெரிதும் மாறாமல், நாம் மாற்றிய சொல்லின் விளைவு மட்டும் கண்ணில் படும்.

நல்ல படம் கிடைத்துவிட்டது என்று தோன்றியதும் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வாழையிலை. நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் கிளை நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். செயலி பல நேரம் அரசிலைபோல வலைப்பின்னல் நரம்பைப் போட்டுவிடும். நம் ஊர்க்காரர் கண்ணில் அது உடனே உறுத்தும். அடுத்து அரிசி. குவியலின் விளிம்பில், நிழல் விழும் இடத்தில் மணிகள் ஒன்றோடொன்று உருகிக் களியாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆவியின் அடிப்பகுதி. அது சோற்றிலிருந்து எழ வேண்டும். தயிர்க் கிண்ணத்திலிருந்து எழுந்தால் படம் தேறாது, தயிர் வெங்காயத்தில் ஏது ஆவி? எலும்பையும் பாருங்கள். எந்த ஆட்டிலும் இல்லாத வடிவத்தில் எலும்பு வருவது சாதாரணம்.

அச்சுக்குப் போகும்போது இன்னும் இரண்டு கவனம். பல செயலிகள் 1024 பிக்சல் அகலத்தில் படம் தருகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது சுமார் 8.7 சென்டிமீட்டர்தான் வரும். ஏ4 பக்கத்தின் முழு அகலத்துக்கு ஏறக்குறைய 2,480 பிக்சல் தேவை. படத்தைப் பெரிதாக்கும் கருவிகள் உண்டு. ஆனால் பெரிதாக்கிய பிறகு அரிசியை மறுபடி பார்க்க வேண்டும், மணிகள் உருமாறியிருக்கலாம். இரண்டாவது நிறம். திரையில் ஒளிரும் ஆரஞ்சும் பச்சையும் அச்சு மையில் மங்கும். ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுங்கள்.

இத்தனை மெனக்கெட்டு நம் தட்டையே கேட்பது அழகுக்காக மட்டுமல்ல. 2024 ஆகஸ்டில் சொமேட்டோ நிறுவனம், ஏஐ உருவாக்கிய உணவுப் படங்களைத் தன் மெனுக்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. படத்தில் பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்று வாடிக்கையாளர் நம்பிக்கை இழக்கிறார்கள், புகாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் கூடுகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம். அச்சு மெனுவில் யாரும் வந்து நீக்க மாட்டார்கள். ஆனால் பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குற்றம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதற்கும் முன்னால், எட்டுத் துண்டு மட்டனைப் படத்தில் காட்டி மூன்று துண்டைப் பரிமாறினால் வாடிக்கையாளர் கல்லாவிலேயே கேட்டுவிடுவார்.

ஆகவே பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. உங்கள் பிரியாணியை ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பின்பக்கம் இருக்குமாறு நின்று, செல்போனிலேயே ஒரு படம் எடுங்கள். பல செயலிகள் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு, சொன்ன இடத்தை மட்டும் மாற்றித் தரும். அப்போது பிராம்ப்டில் உணவைப் பற்றி எழுத வேண்டியதில்லை. தட்டிலிருப்பதைத் தொடாதே, பின்னணியை அடர்பழுப்பாக்கு, சோற்றின் மேல் மெல்லிய ஆவி சேர் என்ற மூன்று வரி போதும். அரிசியும் துண்டும் நீங்கள் பரிமாறியவை, செயலி செய்தது மேடை அலங்காரம் மட்டும். எந்த வழியில் வந்த படமானாலும், அச்சுக்கு அனுப்பும் முன் பிரியாணியைப் பரிமாறுகிறவரிடம் அதைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இப்படி ஒரு தட்டு இப்ப வைக்க முடியுமா?" முடியும் என்றால் அச்சடிக்கலாம்.