டப்பாவில் மீந்த மாத்திரை

வாரத்துக்கான மாத்திரை டப்பாவில் 28 அறைகள்: ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை. அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரைக்காரருக்குக் காலையா, மாலையா என்பதைவிட சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பதுதான் முக்கியம்.

74 வயது அப்பா ஒருவரை எடுத்துக்கொள்வோம். டிபனுக்கு முன் கிளிமிபிரைடு, டிபனுக்குப் பின் மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மீண்டும் மெட்ஃபார்மின், கூடவே கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். மூன்று அறை போதும். அவற்றில் பிளாஸ்திரி ஒட்டி, ‘டிபனுக்கு முன்’ என்பதுபோல் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மருந்தை ஏழு நாளுக்கும் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் தனியாக இருக்கும். இரண்டு டாக்டரிடம் போகிறவர் வீட்டில், ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

எல்லா மருந்தும் டப்பாவுக்கு உரியதல்ல. வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை உறிஞ்சும்; அட்டையிலேயே இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், தனியாக இருக்க வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

டப்பாவின் உண்மையான பயன், மீந்ததைக் காட்டுவது. செவ்வாய் இரவு மாத்திரை அப்படியே கிடந்தால் புதன் காலை சேர்த்துப் போடக் கூடாது. கிளிமிபிரைடு இரண்டு உள்ளே போனால், அல்லது அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். இரவு அறை மட்டும் அடிக்கடி மீந்தால் மறதி என்று திட்டிவிடாதீர்கள். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பெரியவர் சொல்லாமலே தவிர்த்துக்கொண்டிருப்பார். டாக்டரிடம் சொன்னால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தர வழியுண்டு.

அடுத்தது, தீர்ந்துபோகும் தொல்லை. 15 மாத்திரை கொண்ட மெட்ஃபார்மின் அட்டை ஏழரை நாளில் முடியும். அதே அளவு டெல்மிசார்ட்டன் அட்டை 15 நாள் வரும். எல்லாம் ஒரே நாளில் தீராது என்பதால் ‘மாதம் ஒருமுறை வாங்கு’ என்ற அலாரம் பாதி நேரம் ஏமாற்றும். டப்பாவை நிரப்பி முடித்ததும் வெளியே மிஞ்சியதை எண்ணுங்கள். மெட்ஃபார்மின் 14-க்குக் கீழ், மற்றவை ஏழுக்குக் கீழ் என்றால் அந்த வாரமே வாங்க வேண்டும். செல்போனில் ஞாயிறு நிரப்புவதற்கு ஓர் அலாரம், திங்கள் வாங்குவதற்கு ஓர் அலாரம். வெளியூர்ப் பிள்ளைகள் வீடியோ காலில் அட்டைகளைக் காட்டச் சொல்லி எண்ணலாம்.

வாரத்தின் நடுவில் டாக்டர் அளவை மாற்றினால், மீதி நாட்களின் அறைகளை அன்றே திறந்து பழையதை எடுத்துவிடுங்கள். பழைய அட்டையையும் அலமாரியிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த ஞாயிறு நிரப்பப்போவது வேறொருவராக இருக்கலாம்.