காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீலா?

மதுரை மாசி வீதிகளில் ஹாட் லன்ச் பாக்ஸ் வாங்கப் போனால், காந்தத்தை வைத்து "ஒட்டலை பாருங்க, நல்ல ஸ்டீல்" என்பார்கள். நம்பிடாதீங்க பாஸ்! நிக்கல் குறைந்த மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால், தினமும் புளியோதரை, ஊறுகாய் பட்டால் சீக்கிரம் துருப்புள்ளி விழும். உள்பாத்திரம் 304 ரகமா எனக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்க. அதில் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல் இருக்கும்.

அடுத்து மூடி. சிலிக்கான் வளையம் கழற்ற வருதா? சாம்பார் வாடை தங்குவது பெரும்பாலும் அதுக்கு அடியிலதான். கழற்றிக் கழுவி, காய்ந்த பிறகே மாட்டணும்.

வாட்டர் பாட்டில் என்றால், பிரஷ் நுழையுற வாய் முக்கியம். வாங்கியதும் கொதிநீர் ஊற்றி மூடி, 10 நிமிடம் கழித்து நடுப்பகுதியைத் தொடுங்க. சுட்டால், இரு சுவர்களுக்கு நடுவில் வெற்றிடம் இல்லை. பில்லோட போய் மாத்திட்டு வந்துடுங்க.