திங்கட்கிழமை வரும் முகவரித் தகராறு

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாறு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு ரவுட்டர். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் மட்டும் யாராவது ஒருவர் திரையில் "Windows has detected an IP address conflict" என்று எச்சரிக்கை வருகிறது. இணையம் வந்து வந்து போகிறது, பிரிண்ட் வருவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுவதால் அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் திரையில் அதே எச்சரிக்கை.

அலுவலக வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருந்தால், ஒன்றுக்குப் போகவேண்டிய தகவல் மற்றதற்குப் போய்விடும். இப்படி நடக்காமலிருக்க முகவரி கொடுக்கும் பொறுப்பை ரவுட்டரே வைத்துக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் டி.எச்.சி.பி. என்று பெயர். கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கேட்கும். ரவுட்டர் காலியாக உள்ள ஒன்றைக் கொடுத்து, யாருக்குக் கொடுத்தோம் என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும்.

கொடுப்பது நிரந்தரமாக அல்ல, குத்தகைக்கு. பல ரவுட்டர்களில் இதன் காலம் 24 மணி நேரம். பாதிக் காலம் ஓடியதும், அதாவது 12 மணி நேரத்தில், கம்ப்யூட்டர் தானாகவே நீட்டிப்புக் கேட்கும். பெரும்பாலும் அதே முகவரியே தொடரும். அணைந்து கிடக்கும் கருவி நீட்டிப்புக் கேட்காது. குத்தகை முடிந்ததும் அந்த முகவரியை ரவுட்டர் வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். அதை நிறுவியவர், முகவரி மாறினால் பிரிண்ட் நின்றுவிடும் என்று, பிரிண்டரின் மெனுவிலேயே 192.168.1.20 என்று கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நோக்கம் சரிதான். ஆனால் ரவுட்டரோ 192.168.1.2 முதல் 254 வரை எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பிரிண்டர் ஒருநாளும் முகவரி கேட்டதில்லை. ஆகவே ரவுட்டரின் பட்டியலில் 20 காலியாகவே இருக்கிறது.

அப்படியானால் தினமும் தகராறு வரவேண்டாமா? புதிய முகவரி கிடைத்ததும் கம்ப்யூட்டர் அதை உடனே பயன்படுத்துவதில்லை, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தால் "என்னிடம் இருக்கிறது" என்று பதில் வரும். கம்ப்யூட்டர் அதை மறுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளும். சனிக்கிழமை மாலை பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள். திங்கள் காலை அதற்கு முன்பே ஒரு புதிய லேப்டாப் உள்ளே வந்து 20-ஐ வாங்கிவிட்டால், கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பிறகு யாரோ பிரிண்டரைப் போடுகிறார்கள், எச்சரிக்கை வருகிறது. அணைத்துப் போட்டால் சரியாவதன் காரணமும் இதுவே: இந்த முறை பிரிண்டர் பதில் சொல்கிறது, லேப்டாப் வேறு முகவரிக்கு ஒதுங்குகிறது. காரணம் அப்படியே இருக்கிறது.

எந்தக் கருவி என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. எச்சரிக்கை வந்த கம்ப்யூட்டரில் `ipconfig /all` கொடுத்து முகவரியைக் குறித்துக்கொண்டு, அதை வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் இவற்றைத் தட்டுங்கள்:

```
ping 192.168.1.20
arp -a
```

இரண்டாவது கட்டளை காட்டும் பட்டியலில் 192.168.1.20-க்கு எதிரே பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட வன்பொருள் அடையாளம் தெரியும். பிரிண்டரின் பின்புற ஸ்டிக்கரிலோ நெட்வொர்க் மெனுவிலோ அதே அடையாளம் இருந்தால் கதை முடிந்தது. பட்டியலில் இருப்பது யாரோ ஒருவருடைய கைப்பேசி என்றால் தேடல் சற்று நீளும். இப்போதைய கைப்பேசிகள் வைஃபையில் உண்மையான அடையாளத்தை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன.

தீர்வுக்கு இரண்டு வழி. ரவுட்டரின் "DHCP Server" பக்கத்தில் கொடுக்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால், கையால் போட்ட 20 அதற்கு வெளியே பத்திரமாக இருக்கும். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பிரிண்டரைத் தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டு, அதன் வன்பொருள் அடையாளத்துக்கு 20-ஐ ஒதுக்கிவைக்கும்படி ரவுட்டரிடமே சொல்லிவிடுவது. பல ரவுட்டர்களில் இதற்கு "Address Reservation" என்ற பக்கம் உண்டு. எல்லா முகவரியும் ஒரே பட்டியலில் இருக்கும். கேபிளுக்கும் வைஃபைக்கும் பிரிண்டரில் தனித்தனி அடையாளம் என்பதால், பயன்படுத்துவது எதுவோ அதைக் கொடுக்க வேண்டும். ரவுட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ இந்த ஒதுக்கீடு அழிந்துபோகும். அதனால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் எச்சரிக்கை வந்தால், வைஃபை எட்டவில்லை என்று யாராவது இரண்டாவது ரவுட்டர் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் தன் போக்கில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். ஒன்றின் பட்டியல் மற்றதற்குத் தெரியாது. அதில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, அதற்கு முதல் ரவுட்டர் கொடுக்கும் எல்லைக்கு வெளியே ஒரு முகவரி போட்டால் போதும்.