பரிமாற்றுத் தொடர்புகளிலிருந்து கோண உந்தத்தின் மதிப்புகள்: ஏற்ற, இறக்கச் செயலிகளின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கோண உந்தம் எந்தெந்த மதிப்புகளை ஏற்கும் என்பதை அலைச்சமன்பாட்டைத் தீர்க்காமலேயே, மூன்று பரிமாற்றுத் தொடர்புகளைக் கொண்டு வருவிக்கலாம். அவ்வருவிப்பின் ஒவ்வொரு படியிலும் எந்த எடுகோள் பயன்படுகிறது என்பதை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. அரை முழுஎண் மதிப்புகள் இயற்கணிதத்தில் இயல்பாகத் தோன்றுவதும், சுற்றுப்பாதைக் கோண உந்தத்தில் அவை இடம்பெறாமல் போவதும் கணக்கிட்டு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கோண உந்தம், பரிமாற்றுத் தொடர்பு, ஏற்றச் செயலி, இறக்கச் செயலி, ஐகன் மதிப்பு, தற்சுழற்சி.

முன்னுரை

திருவண்ணாமலையிலும் வேலூரிலும் சென்னையிலும் முதுகலை இயற்பியல் பயில்வோர் கோண உந்தத்தை இருமுறை சந்திக்கின்றனர். முதலில் ஹைட்ரஜன் அணுவின் அலைச்சமன்பாட்டில் கோளச் சார்புகளின் வழியாக அது வருகிறது. அங்கு முழுஎண்கள் மட்டுமே கிடைக்கின்றன. பின்னர் செயலிகளின் இயற்கணிதத்தில் வருகிறது. அங்கு அரை முழுஎண்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு விடைகள் ஏன் என்ற வினா பெரும்பாலும் வகுப்பில் எழாமலே போய்விடுகிறது.

இயற்கணித முறை பழமையானது. பார்ன், ஹைசன்பெர்க், யோர்தான் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 1926இல் வெளிவந்த கட்டுரையிலேயே இது இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தொடர்ச்சியான மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி. எம். மேத்யூஸ், கே. வெங்கடேசனுடன் இணைந்து எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூல் 1976இல் வெளிவந்தது. அதே பல்கலைக்கழகத்தின் வி. தேவநாதன் கோண உந்த நுட்பங்களுக்கென்றே தனிநூல் எழுதினார். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கே. சீனிவாச ராவ், வி. இராஜேஸ்வரியுடன் இணைந்து இப்பொருளில் ஒரு நூலை 1993இல் வெளியிட்டார். இம்மரபின் அடிப்படைக் கணக்கு ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தொடக்கமாக வேண்டுவன

நமக்குத் தரப்பட்டவை இரண்டு. முதலாவது, கோண உந்தத்தின் மூன்று கூறுகளும் கீழ்க்காணும் தொடர்புகளை நிறைவு செய்கின்றன:

[Jx, Jy] = iħJz, [Jy, Jz] = iħJx, [Jz, Jx] = iħJy

இரண்டாவது, இம்மூன்றும் ஹெர்மிட்டியச் செயலிகள்; அவை செயற்படும் வெளியில் எந்தத் திசையனின் நீளவர்க்கமும் எதிர்ம எண்ணாக இராது. "பரிமாற்றுத் தொடர்புகள் மட்டுமே போதும்" என்று சொல்லும்போது இந்த இரண்டாம் கூற்றும் உள்ளடங்கியே இருக்கிறது. அதனை நீக்கிவிட்டால் கீழே வரும் முடிவுகளுள் எதுவும் நிற்காது.

J² = Jx² + Jy² + Jz² என்பது மூன்று கூறுகளுடனும் பரிமாறும். ஆகவே J², Jz ஆகிய இரண்டுக்கும் பொதுவான ஐகன் நிலைகளைத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றின் ஐகன் மதிப்புகளை முறையே ħ²λ, ħm எனக் குறிப்போம். λ, m இரண்டும் இப்போதைக்கு மெய்யெண்கள் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது.

ஏணியும் அதன் இரு முனைகளும்

J₊ = Jx + iJy, J₋ = Jx − iJy என்று வரையறுப்போம். தொடக்கத் தொடர்புகளிலிருந்து நேரடியாகக் கிடைப்பது:

[Jz, J₊] = ħJ₊, [Jz, J₋] = −ħJ₋

இதன் பொருள், m மதிப்புடைய நிலையின்மீது J₊ செயற்பட்டால் கிடைக்கும் திசையன், அது சுழியமாக இல்லாதவரை, m+1 மதிப்புடைய நிலையாகும் என்பதே. J₋ செயற்பட்டால் m−1 கிடைக்கும். λ இரண்டிலும் மாறுவதில்லை. ஆகவே இவற்றை ஏற்றச் செயலி, இறக்கச் செயலி என்கிறோம்.

அடுத்து நீளவர்க்கத்தைக் காண்போம். J₊இன் ஹெர்மிட்டிய இணை J₋ ஆதலால், m நிலையின்மீது J₊ செயற்பட்டுக் கிடைக்கும் திசையனின் நீளவர்க்கம் J₋J₊ என்பதன் எதிர்பார்ப்பு மதிப்பாகும். J₋J₊ = J² − Jz² − ħJz என்பதால்,

J₊ தரும் நீளவர்க்கம் = ħ²[λ − m(m+1)] ≥ 0

J₋ தரும் நீளவர்க்கம் = ħ²[λ − m(m−1)] ≥ 0

இவ்விடத்தில்தான் ஏணிக்கு எல்லை பிறக்கிறது. m ஒவ்வொரு படியிலும் 1 கூடிக்கொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் m(m+1) என்பது λஐ விஞ்சி, முதல் கோவை எதிர்மமாகிவிடும். அது நிகழக்கூடாது. அதனைத் தவிர்க்க ஒரே வழி, எல்லையைக் கடப்பதற்கு முன்னரே ஏதேனும் ஒரு படியில் J₊ சுழியத்தைத் தந்து ஏணியை முடித்துவிடுவதாகும். "mக்கு உச்ச மதிப்பு உண்டு" என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது போதாது. ஏணி ஒரு படியில் சரியாகச் சுழியத்தைத் தொட வேண்டும் என்பதே λமீது நிபந்தனை விதிக்கிறது.

உச்சப் படியின் m மதிப்பை j என்போம். அங்கு நீளவர்க்கம் சுழியம்; ஆகவே λ = j(j+1). அதே காரணத்தால் கீழேயும் ஏணி முடியும். அடிப்படியின் மதிப்பை k என்றால் λ = k(k−1). இரண்டையும் சமப்படுத்தினால் k = −j அல்லது k = j+1. அடிப்படி உச்சப் படிக்கு மேலே இருக்க இயலாது; எனவே k = −j. உச்சியிலிருந்து அடிவரை n படிகள் இறங்கினோம் எனில் j − n = −j, அதாவது

j = n/2, n = 0, 1, 2, 3, …

ஆகவே j ஏற்கக்கூடியவை 0, 1/2, 1, 3/2, … ஆகியனவே. ஒவ்வொரு jக்கும் m ஆனது −j முதல் j வரை 2j+1 மதிப்புகளைப் பெறும்.

எண்களைக் கொண்டு சரிபார்த்தல்

j = 3/2 என்க; λ = 15/4. உச்சியிலிருந்து இறங்கும்போது J₋ தரும் நீளவர்க்கங்களை ħ² அலகில் கணக்கிடுவோம். m = 3/2இல் 15/4 − 3/4 = 3; m = 1/2இல் 15/4 + 1/4 = 4; m = −1/2இல் 15/4 − 3/4 = 3; m = −3/2இல் 15/4 − 15/4 = 0. ஏணி நான்கு படிகளுடன் தானே முடிந்துவிடுகிறது. இவற்றின் வர்க்கமூலங்களான √3, 2, √3 ஆகியவையே இறக்கச் செயலியின் அணி உறுப்புகள்.

இப்போது விலக்கப்பட்ட ஒரு மதிப்பை வைத்துப் பார்ப்போம். j = 1/4 எனில் λ = 5/16. m = 1/4இலிருந்து இறங்கும்போது நீளவர்க்கம் 5/16 + 3/16 = 1/2; இதில் குறையில்லை. அடுத்த படி m = −3/4. அங்கிருந்து இறங்கும்போது 5/16 − 21/16 = −1. நீளவர்க்கம் எதிர்மமாகிவிட்டது. அடியில் சுழியத்தைத் தொடாமல் தாண்டிச் சென்றதே இதற்குக் காரணம். ஒரு j மதிப்பு ஏற்கத்தக்கதா என்பதை இவ்வாறு இரண்டே வரிகளில் சோதித்துவிடலாம்.

சுற்றுப்பாதையில் அரை முழுஎண் ஏன் இல்லை

வெள்ளி அணுக்கற்றை காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரிவதை ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922இல் கண்டனர். 2j+1 = 2 எனில் j = 1/2. இது எலக்ட்ரானின் தற்சுழற்சிக்குரியது. ஆனால் L = r × p என்னும் சுற்றுப்பாதைக் கோண உந்தமும் அதே பரிமாற்றுத் தொடர்புகளை நிறைவு செய்கிறது. அங்கு ஏன் 1/2 கிடைப்பதில்லை?

அலைச்சார்பு ஒற்றை மதிப்புடையதாக இருக்க வேண்டும் என்பதே வழக்கமாகத் தரப்படும் விடை. இவ்விடை முழுமையானதன்று. அளவீட்டில் வெளிப்படுவது |ψ|² என்பதால், ஒரு முழுச் சுற்றில் ψ குறி மாறுவது மட்டும் முரண்பாடாகாது. பாவுலி 1939இல் இவ்வினாவை ஆராய்ந்து, ஏணி முறையையே சோதனையாகப் பயன்படுத்தினார்.

அச்சோதனையை l = 1/2க்குச் செய்து பார்ப்போம். L₊ சுழியமாக்கும் சார்பு √(sin θ) e^(iφ/2). இதன்மீது

L₋ = ħe^(−iφ)(−∂/∂θ + i cot θ ∂/∂φ)

செயற்பட்டால் −ħ (cos θ/√(sin θ)) e^(−iφ/2) கிடைக்கிறது. θ வழியே தொகையிட்டால், தொடக்கச் சார்பின் நீளவர்க்கம் ∫sin²θ dθ = π/2; இறக்கிய சார்பினுடையது ħ² ∫cos²θ dθ = ħ²π/2. விகிதம் ħ²; இயற்கணிதம் சொல்வதும் 3/4 + 1/4 = 1 என்பதே. இதுவரை எல்லாம் பொருந்துகிறது. எனினும் இது அடிப்படியாதலால், மீண்டும் L₋ செயற்பட்டால் சுழியம் வர வேண்டும். கிடைப்பதோ −ħ² (sin θ)^(−3/2) e^(−3iφ/2). அது சுழியமன்று, அதன் நீளவர்க்கத் தொகையம் துருவங்களில் முடிவிலியாகிறது. ஏணி அடியை உடைத்துக்கொண்டு கீழே செல்கிறது. இச்சார்புகளின்மீது L₊, L₋ ஒன்றுக்கொன்று ஹெர்மிட்டிய இணைகளாக இல்லை என்பதே இதன் பொருள். தொடக்கத்தில் நாம் வைத்த இரண்டாம் கூற்று இங்கு முறிகிறது.

இதே முடிவை அலைச்சார்பின்றியும் பெறலாம். ħ = 1 என வைத்து, நீளத்திற்கு ஏதேனும் ஓர் அலகைத் தேர்ந்துகொண்டு,

q₁ = (x + p_y)/√2, p₁ = (p_x − y)/√2

q₂ = (x − p_y)/√2, p₂ = (p_x + y)/√2

என்று எழுதினால், இவை ஒன்றையொன்று சாராத இரண்டு இணைகளாக அமைகின்றன: [q₁, p₁] = i, [q₂, p₂] = i, குறுக்குத் தொடர்புகள் யாவும் சுழியம். அப்போது

Lz = xp_y − yp_x = ½(p₁² + q₁²) − ½(p₂² + q₂²)

அதாவது Lz இரண்டு சீரிசை அலையியற்றிகளின் ஆற்றல் வேறுபாடாகும். ஒவ்வொன்றின் மதிப்பும் n + ½. வேறுபாட்டில் இரண்டு அரைகளும் நீங்கி n₁ − n₂ எஞ்சுகிறது. அது எப்போதும் முழுஎண். x, p ஆகியவற்றுக்கிடையே உள்ள பரிமாற்றுத் தொடர்பு, J இன் தொடர்புகளைவிடக் கூடுதலான செய்தியைத் தாங்கியிருப்பதே அரை முழுஎண்கள் நீங்கக் காரணம்.

முடிவுரை

ஏணி முறை தரும் பட்டியல், இருக்கக்கூடிய மதிப்புகளின் பட்டியல். ஒரு குறிப்பிட்ட துகளில் அல்லது அமைப்பில் அவற்றுள் எவை உண்மையில் உள்ளன என்பதை அம்முறை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றுப்பாதை இயக்கத்தில் x, p தொடர்புகள் முழுஎண்களை மட்டும் விட்டுவைக்கின்றன. தற்சுழற்சிக்கு அத்தகைய அமைப்பு இல்லாமையால் 1/2 நிலைத்துவிடுகிறது. வகுப்பறையில் இவ்வருவிப்பைக் கற்பிப்போர், நீளவர்க்கம் எதிர்மமாகாமை, ஏணி சுழியத்தைத் தொடுதல், இரு முனைகளும் முழுஎண் படிகளால் இணைதல் ஆகிய மூன்று இடங்களையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுவாராயின், முழுஎண், அரை முழுஎண் ஆகிய இரு விடைகளும் முரண்பட்டவையல்ல என்பது மாணவர்க்கு எளிதில் விளங்கும்.