பக்கத்துக் கம்பெனிக்கு ஆன செலவுதான் நமக்கும் ஆகுமா?

கரூரில் பெட்ஷீட், தலையணை உறை, மேசை விரிப்பு தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இதுவரை தெரிந்த வியாபாரிகள் மூலமாகவே ஆர்டர் வந்தது. இப்போது முதல்முறையாக ஓர் இணையதளம் போட நினைக்கிறார்கள். 60 வகைப் பொருள்கள், எட்டுப் பக்கங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரம், விசாரிக்க ஒரு படிவம். ஆன்லைன் விற்பனை இப்போதைக்கு இல்லை.

உரிமையாளர் முதலில் கேட்பது அதே தொழிலில் இருக்கும் நண்பரிடம். “ரெண்டு வருஷம் முன்னாடி போட்டோம். 90,000 ஆச்சு” என்கிறார் அவர். அந்த எண் அப்படியே மனதில் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு 1,70,000 என்று ஒரு கொட்டேஷன் வந்தால், ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. 70,000-க்கு ஒருவர் முன்வந்தால் வேலை உடனே அவர் கைக்குப் போய்விடுகிறது.

நண்பரின் செலவை வைத்து நம் செலவைக் கணிப்பது தவறான முறை அல்ல. திட்ட மேலாண்மையில் இதற்கு ஒப்பீட்டு மதிப்பீடு என்று பெயர். முடிந்துபோன, நம்முடையதைப் போன்ற ஒரு வேலைக்கு உண்மையில் ஆன செலவை எடுத்து, வித்தியாசங்களுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது. இன்னொரு முறையில் வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கும் விலையும் போட்டு, கீழிருந்து மேலாகக் கூட்டிக்கொண்டு போவோம். இதை வேலைவாரி மதிப்பீடு என்று சொல்லலாம். வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டுமே பழக்கம்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது முதல் வகை. செங்கல், சிமென்ட், கம்பி, கூலி என்று பொறியாளர் எழுதித் தரும் எஸ்டிமேட் இரண்டாவது வகை.

ஒப்பீட்டு மதிப்பீட்டில் பெரிய வசதி, அது நடந்து முடிந்த கதை என்பதுதான். இழுத்தடிப்பு, திருத்தம், எதிர்பாராத செலவு எல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கனவே இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குள் வேறு என்னென்ன இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தவே முடியாது.

பொருள்களின் எண்ணிக்கையையே பாருங்கள். நண்பரின் தளத்தில் 25 பொருள்கள், நமக்கு 60. அந்த விகிதத்தில் 90,000-ஐ உயர்த்தினால் 2,16,000 வரும். இது அர்த்தமில்லாத கணக்கு. பொருள் கூடினால் பதிவேற்றும் வேலை கூடுமே தவிர, முகப்புப் பக்கத்தின் வடிவமைப்புச் செலவு கூடாது. ஆக, ஒப்பிடுவதற்கே நண்பரின் பில் பிரித்துத் தெரிய வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். பெரும்பாலும் பில்லைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

அவருடைய பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பும் பக்கங்களை உருவாக்குவதும் 55,000. பொருளுக்கு 400 வீதம் 25 பொருள்களுக்கு 10,000. விசாரணைப் படிவமும் சோதனையும் 15,000. டொமைன், ஹோஸ்டிங் முதலாண்டுக்கு 10,000. இதில் பொருள் வரியை மட்டும் 60-க்கு மாற்றினால் 24,000 ஆகும், மொத்தம் 1,04,000. இரண்டு வருட விலை உயர்வுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 1,14,400.

பில்லில் இல்லாதவற்றையும் கேட்க வேண்டும். படம் யார் எடுத்தார்கள்? ஏற்றுமதி கேட்டலாக்குக்காக எடுத்த படங்கள் நண்பரிடம் இருந்தன. விவரம் யார் எழுதினார்கள்? அவர் மகள் விடுமுறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். தமிழ்ப் பக்கம்? கிடையாது. பில்லில் வராத இந்த மூன்றும் நம் வேலையில் இருக்கின்றன. நான் பார்த்தவரை, முதல் இணையதளத்தின் பட்ஜெட் உடைவது நிரல் எழுதும் வேலையால் அல்ல, படமும் எழுத்தும் இலவசமாக வந்துவிடும் என்ற நினைப்பால்தான்.

இப்போது வேலைவாரிக் கணக்கு. தளம் செய்து தருபவரின் கூலி மணிக்கு 600 என்று கொள்வோம். பேசித் தீர்மானித்துப் பக்கப் பட்டியல் போட 8 மணி நேரம், வடிவமைப்புக்கு 30, பக்கங்களை உருவாக்க 50. படிவமும் வாட்ஸ்அப் இணைப்பும் 10. பொருளுக்கு அரை மணி வீதம் 60 பொருள்களைப் பதிவேற்ற 30. தமிழ்ப் பக்கங்களை அமைத்து உள்ளிட 24. பல போன்களில் சோதித்துத் திருத்த 24, சர்வரில் ஏற்றவும் மின்னஞ்சலை அமைக்கவும் 8, ஊழியர் ஒருவருக்குப் பயிற்சி 6. ஆக 190 மணி நேரம், 1,14,000 ரூபாய். வெளிச்செலவாகப் பொருளுக்கு 400 வீதம் படங்களுக்கு 24,000, இரு மொழியிலும் எழுத 26,000, டொமைன், ஹோஸ்டிங்குக்கு 10,000. எல்லாம் சேர்த்து 1,74,000.

ஒரு முறையில் 1,14,400, இன்னொன்றில் 1,74,000. எது சரி என்று கேட்பதைவிட, நடுவில் இருக்கும் 59,600 ரூபாய்க்கு என்ன காரணம் என்று கேட்பதுதான் பயன் தரும். படமும் எழுத்தும் 50,000. தமிழ்ப் பக்கத்தின் 24 மணி நேரத்துக்கு 14,400. நண்பரின் பில்லில் இல்லாத இந்த 64,400-ஐக் கழித்தால் நம் கணக்கு 1,09,600 ஆகிறது. இருவருக்கும் பொதுவான வேலையைப் பொறுத்தவரை இரு முறைகளும் 4,800 ரூபாய் வித்தியாசத்தில் நிற்கின்றன. அவ்வளவு நெருக்கம் இருந்தால் பட்டியலில் பெரிய ஓட்டை இல்லை என்று கொள்ளலாம். நம் கணக்கு மிகக் குறைவாக வந்திருந்தால், ஏதோ ஒரு வேலையை எழுத மறந்திருக்கிறோம் என்று பொருள்.

மொத்தம் ஒத்துப்போனாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது, வரி வரியாகப் பார்க்க வேண்டும். பதிவேற்றும் வேலைக்கு நண்பர் கொடுத்தது பொருளுக்கு 400. இன்றைய விலையில் 440. நாம் போட்டிருப்பது அரை மணிக் கூலி, 300. 60 பொருள்களுக்கு வித்தியாசம் 8,400. யாருடைய எண் சரி? உட்கார்ந்து செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பெட்ஷீட்டை எடுத்து மூன்று படங்களை வெட்டி, அளவு குறைத்து ஏற்றுங்கள். பெயர், சிங்கிள், டபுள், கிங் என்று மூன்று அளவுகள், ஒவ்வொன்றுக்கும் நீள அகலம், நான்கு நிறங்கள், துணியின் எடை, துவைக்கும் முறை, ஒரு பெட்டிக்கு எத்தனை என்று எல்லாவற்றையும் உள்ளிடுங்கள். கடைசியில் போனில் திறந்து சரிபாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து பொருள்களுக்கு இதைச் செய்தால் சராசரி கிடைத்துவிடும். 45 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொண்டால், 30 மணி நேரம் 45 ஆகிறது. செலவில் 9,000 கூடி மொத்தம் 1,83,000.

வேலைவாரி மதிப்பீட்டின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. பட்டியலில் இல்லாத வேலைக்கு அதில் விலையே கிடையாது. பட்டியலில் இருப்பதற்கும், எல்லாம் தடையில்லாமல் நடக்கும் என்ற எண்ணத்திலேயே நேரம் போடுகிறோம். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டி, இதே போன்ற பிற வேலைகள் உண்மையில் எப்படி முடிந்தன என்று பார்த்துக் கணிப்பைத் திருத்தச் சொன்னார்கள். நார்வேயின் சிமுலா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்னே யோர்கென்சன் 2004-இல் மென்பொருள் மதிப்பீடுகளை ஆராய்ந்து, மிகவும் ஒத்த பழைய வேலையின் அனுபவமோ தகவலோ கையில் இல்லாவிட்டால் வேலைவாரியாகக் கணக்கிடுவதே நல்லது என்று பரிந்துரைத்தார். முதல் இணையதளம் போடுகிறவரிடம் அப்படி எந்த அனுபவமும் இருக்காது. அதனால் அவர் பட்ஜெட்டுக்கு வேலைவாரிக் கணக்கையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும். நண்பரின் பில், அதைச் சரிபார்க்கும் அளவுகோலாக இருந்தால் போதும்.

எப்போது எது என்பதும் முக்கியம். இணையதளம் வேண்டுமா, வேண்டாமா என்று யோசிக்கும் கட்டத்தில் ஒப்பீட்டு எண் போதும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கிடைத்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வேலைவாரிப் பட்டியல் கட்டாயம் வேண்டும். அது ஒரு நாள் வேலை. என்னென்ன வேண்டும் என்று நாம் தெளிவாகச் சொல்லாமல் தளம் செய்பவராலும் அதைத் தயாரிக்க முடியாது. “பேக்கேஜ் 1,50,000” என்று ஒரே வரியில் கொட்டேஷன் வந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். குறிப்பாகத் திருத்தம் எத்தனை முறை என்று எழுதி வாங்குங்கள். தெரியாத செலவு அதிகம் கசிவது அங்கேதான். நம் 24 மணி நேரம் இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கானது. முகப்புப் படத்தின் நிறத்தை உரிமையாளர் வீட்டில் ஆளுக்கொரு விதமாக மாற்றச் சொன்னால் அந்தக் கணக்கு தாங்காது.

ஆகவே 1,83,000-க்கு மேல் 10 சதவீதம், 18,300 ரூபாய், தனியாக ஒதுக்க வேண்டும். ஆனது 2,01,300. பில் கொடுப்பவர்கள் எல்லோரும் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் என்றால் 18 சதவீத வரி 36,234 சேர்ந்து, கையிலிருந்து போவது கிட்டத்தட்ட 2,37,500. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் நிறுவனம் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது முழுச் செலவு. இரண்டாம் ஆண்டுக்கான ஹோஸ்டிங் புதுப்பிப்பு இதில் சேரவில்லை. முதலாண்டுத் தள்ளுபடி விலையை நம்பி அடுத்த ஆண்டுக்கும் அதையே எழுதிவிடாமல், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே கேட்டு வாங்குங்கள்.

வேலை தொடங்கிய பிறகு அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன மணி நேரத்தையும் பணத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். வீட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் செய்ததையும் எழுதுங்கள். நாளை இதே தளத்தில் ஆன்லைன் விற்பனையைச் சேர்க்க நினைக்கும்போது, ஒப்பிடுவதற்கு நண்பரின் பில்லைத் தேட வேண்டியிருக்காது.