உங்களுக்குத் தெரியுமா? பச்சை காட்டினாலும் பலவீனம்

Pune@123 என்ற கடவுச்சொல்லுக்கு, கணக்கு தொடங்கும் பல படிவங்களில் உள்ள வலிமைமானி பச்சை காட்டிவிடும். ஆனால் ஊர்ப்பெயர், @, 123 என்ற இதே அச்சையும் திருடர்கள் முதலிலேயே போட்டுப் பார்க்கிறார்கள்.

• இத்தகைய மானி எழுத்து, எண், குறியீடு இருக்கிறதா என்றே பார்க்கிறது. கசிந்த சொல்லா என்று பார்ப்பதில்லை. கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிடச் சொல்கிறது அமெரிக்காவின் நிஸ்ட் நெறிமுறை, 2017 முதலே.

• ஒப்பிடும்போது கடவுச்சொல் வெளியே போகாது. எடுத்துக்காட்டாக, password என்பதன் ஷா-1 சுருக்கம் 40 எழுத்துகள். 5BAA6 என்ற முதல் ஐந்து மட்டும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ சேவைக்குப் போகும். அப்படித் தொடங்கும் பல சுருக்கங்களின் மீதி 35 எழுத்துகள் திரும்பி வரும். எது பொருந்துகிறது என்பதைக் கேட்ட கணினியே பார்த்துக்கொள்ளும்.

• இன்னும் கசியாத எளிய சொல் இந்த ஒப்பீட்டில் தப்பிவிடும்.