தாமத வட்டியை எப்போது, எப்படி எழுதுவது?

வேலையை முடித்துக் கொடுத்து, பில்லின் அடியில் 'தாமதமானால் வட்டி உண்டு' என்று அச்சடித்துவிட்டால் போதும் என்று ஃப்ரீலான்சர்கள் பலர் நினைக்கிறார்கள். போதாது. வேலை முடிந்தபின் வரும் பில்லில்தான் அந்த நிபந்தனை முதன்முதலாகத் தெரிகிறது என்றால், 'இதற்கு நான் சம்மதிக்கவே இல்லையே' என்று வாடிக்கையாளர் சொல்ல இடமுண்டு. கொட்டேஷனிலேயே அதை எழுதி, 'சம்மதம்' என்று ஒரு மின்னஞ்சல் பதில் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பில்லில் வருவது அதன் மறுபதிப்பாக மட்டுமே இருக்க வேண்டும்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "பில் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால், கெடு முடிந்த மறுநாள் முதல் பணம் வந்து சேரும் நாள்வரை, டிடிஎஸ் போக உள்ள நிலுவைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் தனிவட்டி நாள் கணக்கில் சேரும்."

'டிடிஎஸ் போக' என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. 60,000 ரூபாய் பில்லில் வாடிக்கையாளர் 10 சதவீதம் பிடித்தால், கைக்கு வரவேண்டியது 54,000. 18 சதவீதப்படி ஒரு நாள் வட்டி 26 ரூபாய் 63 காசு. 40 நாள் தாமதத்துக்கு 1,065 ரூபாய். முழு 60,000க்கும் வட்டி போட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவு அந்தக் கணக்கைத் திருப்பி அனுப்பும், அதிலேயே இன்னும் இரண்டு வாரம் போய்விடும். மாதம் 5 சதவீதம் என்று மிரட்டுவதும் வீண். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும்.

நினைவூட்டல் கடிதத்தில் கோபம் வேண்டாம், எண்கள் வேண்டும். கெடு முடிந்த மறுநாள் செல்லும் முதல் கடிதத்தில் வட்டிப் பேச்சே தேவையில்லை: "வணக்கம். பில் எண் 27, ரூ. 54,000, நேற்று கெடு முடிந்தது. பில் அக்கவுண்ட்ஸுக்குப் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" பல தாமதங்களுக்குக் காரணம் பில் யாருடைய மேஜையிலோ தங்கிவிடுவதுதான். 15 நாள் கழித்துச் செல்லும் இரண்டாவது கடிதத்தில், அதுவரை சேர்ந்த 399 ரூபாய் வட்டியைக் கணக்கிட்டுக் காட்டலாம். "வெள்ளிக்கிழமைக்குள் அசல் வந்தால் இந்த வட்டியை இம்முறை மட்டும் விட்டுத்தருகிறேன்" என்று சேர்த்தால் உறவும் முறியாது, உரிமையும் போகாது.

அதற்கும் அசையாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். தனிநபராகத் தொழில் செய்பவரும் உத்யமில் இலவசமாகப் பதியலாம். ஆனால் வேலை முடிந்தபின் பதிந்தால் பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது சிக்கலாகலாம். அடுத்த கொட்டேஷன் அனுப்பும் முன்பே பதிந்து, அந்த எண்ணை அதில் போட்டுவிடுங்கள்.